பயனர் போன பிறகும் ஓடும் குவெரி

பேருந்து டிக்கெட் விற்கும் இணையதளம் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் ஒரு முகவர், பயணியின் முழுப்பெயர் தெரியாமல் பெயரின் நடுவில் வரும் நான்கு எழுத்துகளை மட்டும் தட்டிப் பழைய டிக்கெட்டைத் தேடுகிறார். தேதியும் கொடுக்கவில்லை. பெயரின் முதல் எழுத்து தெரிந்தால் தரவுத்தளம் அகரவரிசைக் குறியீட்டைப் பிடித்துக்கொண்டு நேராகப் போய்விடும். நடு எழுத்துகளை மட்டும் வைத்துக்கொண்டு சாதாரணக் குறியீட்டில் எதையும் தேட முடியாது. பல கோடி வரிசைகளை முதலிலிருந்து கடைசிவரை படித்தாக வேண்டும். அதற்கு 12 நிமிடம் பிடிக்கிறது.

முகவருக்கு இதெல்லாம் தெரியாது. ஒரு நிமிடம் காத்திருக்கிறார். திரையில் 504 என்ற பிழை வருகிறது. தளத்தின் வாசலில் நிற்கும் என்ஜின்எக்ஸ் சர்வர், உள்ளே இருந்து 60 விநாடி எந்தப் பதிலும் வராவிட்டால் கையை விரித்துவிடும். யாரும் மாற்றாதவரை அதன் அமைப்பு அதுதான். முகவர் மறுபடி தேடுகிறார். இன்னொரு நிமிடம், இன்னொரு 504, மறுபடி ஒரு தேடல்.

திரையில் தேடல் முடிந்துவிட்டதாகத் தெரிகிறது. தரவுத்தளத்திலோ முதல் தேடல் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டாவதும் மூன்றாவதும் அதனுடன் சேர்ந்துகொள்கின்றன. நிமிடத்துக்கு ஒன்று என்று சேர்ந்தால், முதல் தேடல் முடியும் நேரத்தில் அந்த ஒரு முகவரின் பெயரில் 12 குவெரிகள் ஓடும். பக்கத்து ஊரில் இன்னொரு முகவரும் இதையே செய்தால் நிமிடத்துக்கு இரண்டு. தளத்துக்கும் தரவுத்தளத்துக்கும் இடையே 20 இணைப்புகள்தான் இருக்கின்றன என்றால், பத்தாவது நிமிடத்தில் எல்லாம் தீர்ந்துவிடும். அதன்பின் சாதாரணமாக ஒரு டிக்கெட் வாங்க வருகிறவருக்கும் பக்கம் திறக்காது. தளம் விழுந்துவிட்டது என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மையில் எந்த இயந்திரமும் பழுதாகவில்லை. யாருக்கும் வேண்டாத விடைகளைத் தேடி எல்லா இயந்திரங்களும் மும்முரமாக வேலை செய்துகொண்டிருக்கின்றன.

சேதி ஏன் உள்ளே போவதில்லை

ஓட்டலில் சாப்பிட வந்தவர் பொறுமையிழந்து எழுந்து போய்விட்டார். சமையலறைக்குச் சேதி போகவில்லை, அடுப்பில் தோசை வெந்துகொண்டிருக்கிறது. தரவுத்தளத்திலும் நடப்பது இதுதான்.

உலகெங்கும் பரவலாகப் பயன்படும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை எடுத்துக்கொண்டால், அது ஒவ்வோர் இணைப்புக்கும் தனியாக ஒரு புராசஸை ஒதுக்குகிறது. அந்தப் புராசஸ் கணக்கில் மூழ்கியிருக்கும்போது, மறுமுனையில் ஆள் இருக்கிறாரா என்று திரும்பிப் பார்ப்பதில்லை. விடையை அனுப்பும்போதுதான் இணைப்பு அறுந்தது தெரியவரும். வரிசைப்படுத்துகிற, கூட்டிக் கணக்கிடுகிற குவெரிகள் கடைசியில்தான் முதல் வரியையே அனுப்பும். ஆகவே 12 நிமிட வேலையை முழுதாக முடித்த பிறகே, வாங்கிக்கொள்ள ஆளில்லை என்பது அதற்குத் தெரிகிறது.

2021-ல் வந்த 14-ஆம் பதிப்பில் இதற்கு ஒரு பகுதி மருந்து வந்தது. `client_connection_check_interval` என்ற அமைப்பில் ஒரு நேரத்தைக் கொடுத்தால், குவெரி ஓடும்போதே அந்த இடைவெளியில் இணைப்பு உயிருடன் இருக்கிறதா என்று தரவுத்தளம் பார்த்துக்கொள்ளும். ஆனால் நாமாக இயக்காதவரை அது வேலை செய்யாது. மேலே சொன்ன கதையில் இயக்கியிருந்தாலும் பயன் குறைவு. அங்கே அறுந்தது முகவருக்கும் வாசல் சர்வருக்கும் இடையிலான தொடர்புதான். உள்ளே இருக்கும் செயலி பெரும்பாலும் விஷயம் தெரியாமல் தரவுத்தளத்தின் பதிலுக்காகக் காத்துக்கொண்டேயிருக்கும். தரவுத்தளத்தின் பார்வையில் இணைப்பு நன்றாகவே இருக்கிறது.

செயலிக்கு என்று ஒரு நேர வரம்பு இருக்குமே என்று தோன்றலாம். அதையும் கவனமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. பிஎச்பி மொழியில் `max_execution_time` வழக்கமாக 30 விநாடி. ஆனால் லினக்ஸில் அந்தக் கடிகாரம் தரவுத்தளத்துக்காகக் காத்திருக்கும் நேரத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. பக்கம் பத்து நிமிடம் நின்றாலும் அந்த வரம்பு விழித்துக்கொள்ளாது. பைதான் தளங்களை இயக்கும் குனிகார்ன் வேறு வகை. 30 விநாடி பதில் சொல்லாத வேலையாளை அது வலுக்கட்டாயமாகக் கொன்றுவிடும். கொல்லப்பட்ட புராசஸுக்குத் தரவுத்தளத்திடம் “நிறுத்து” என்று சொல்லிவிட்டுப் போக அவகாசம் கிடைப்பதில்லை. செயலி செத்துவிடும், குவெரி வாழும்.

முறையாக நிறுத்துவதற்கும் ஒரு நடைமுறை இருக்கிறது. போஸ்ட்கிரெஸில் ஓடும் குவெரியை ரத்துசெய்ய, செயலியில் உள்ள டிரைவர் புதிதாக இன்னோர் இணைப்பைத் திறந்து, முன்னதாகத் தனக்குக் கொடுக்கப்பட்ட புராசஸ் எண்ணையும் ரகசியச் சாவியையும் அனுப்ப வேண்டும். செயலி உயிருடன் இருந்தால், வலைப்பின்னல் நன்றாக இருந்தால், டிரைவரில் அந்த வசதி இயக்கப்பட்டிருந்தால் இது நடக்கும். ஜாவா டிரைவரில் குவெரிக்கான நேர வரம்பு இந்த வழியில்தான் ரத்துச் சேதி அனுப்புகிறது. அதே டிரைவரில் `socketTimeout` என்று இன்னொரு வரம்பு உண்டு; அது இணைப்பை வெட்டிவிடுவதோடு சரி. இரண்டையும் ஒன்றென்று நினைத்து இரண்டாவதை மட்டும் வைத்தவர்கள், குவெரி நின்றுவிட்டதாக நம்பிக்கொண்டிருப்பார்கள்.

இவை எதையும் நம்பியிராத ஒரே கடிகாரம் தரவுத்தளத்துக்குள்ளேயே இருப்பது: `statement_timeout`. குறித்த நேரம் தாண்டினால் தரவுத்தளம் தானே தன் குவெரியை நிறுத்திக்கொள்ளும். போஸ்ட்கிரெஸில் அதன் ஆரம்ப மதிப்பு 0. அதாவது வரம்பே இல்லை.

உள்ளே இருப்பது முதலில் அடிக்க வேண்டும்

இந்த விஷயத்தின் மையம் ஒரு வரிசைதான். ஒரு கோரிக்கை உலாவி, வாசல் சர்வர், செயலி, டிரைவர், தரவுத்தளம் என்று உள்ளே போகிறது. ஒவ்வொரு படியிலும் ஒரு கடிகாரம். மிக உள்ளே இருக்கும் கடிகாரம் முதலில் அடிக்க வேண்டும். வெளியே போகப் போக நேரம் கூட வேண்டும். அப்போது தரவுத்தளம் பிழையைச் சொல்லும், அதைக் கேட்கச் செயலி உயிருடன் இருக்கும், செயலி சொல்வதைக் கேட்க வாசல் சர்வர் காத்திருக்கும், முகவருக்குப் புரியும்படி ஒரு பதில் போய்ச்சேரும். வரிசை தலைகீழானால் கேட்கிறவர் ஒவ்வொருவராகப் போன பின்னும் வேலை மட்டும் நடந்துகொண்டிருக்கும்.

எந்த எண்ணை வைப்பது? கண்ணை மூடிக்கொண்டு 30 விநாடி என்று எழுதுவதைவிட நல்ல வழி உண்டு. அமேசான் நிறுவனத்தின் பொறியாளர் மார்க் புரூக்கர் இதைத் தெளிவாக எழுதியிருக்கிறார். நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் கோரிக்கைகளில் எத்தனை பங்கு தவறாக அறுபட்டால் பொறுத்துக்கொள்ளலாம் என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். ஆயிரத்தில் ஒன்று என்றால், ஆயிரத்தில் 999 கோரிக்கைகள் எவ்வளவு நேரத்துக்குள் முடிகின்றன என்று பதிவேட்டில் பார்க்க வேண்டும். அந்த நேரத்திலிருந்துதான் வரம்பைத் தொடங்க வேண்டும். சராசரியை வைத்துக் கணக்குப் போட்டால் மெதுவான ஆனால் நியாயமான வேலைகள் எல்லாம் வெட்டுப்படும்.

நம் டிக்கெட் தளத்தில் ஆயிரத்தில் 999 குவெரிகள் 0.8 விநாடிக்குள் முடிகின்றன என்று வைத்துக்கொள்வோம். அப்படியே 0.8 என்று எழுதக் கூடாது. பண்டிகைக் கூட்டம் வரும் நாளில் எல்லாமே இரண்டு மடங்கு மெதுவாகும். சர்வரை மறுதொடக்கம் செய்த முதல் சில நிமிடங்களில் தரவுகள் நினைவகத்தில் இல்லாமல் வட்டிலிருந்து வரும். அந்த நேரத்தில் இறுக்கமான வரம்பு நல்ல குவெரிகளையும் அறுக்கும். அறுபட்டவர்கள் மறுபடி முயல்வார்கள், சுமை இன்னும் ஏறும். ஆகவே தாராளமாக 5 விநாடி வைக்கலாம். அதற்கு மேல் காத்திருக்க முகவருக்கும் விருப்பமிருக்காது.

இனி வெளியே நகரலாம். தரவுத்தளத்தில் 5 விநாடி. டிரைவரின் ரத்து வரம்பு 7 விநாடி. தரவுத்தளத்தின் கடிகாரம் ஏதோ காரணத்தால் வேலை செய்யாவிட்டால் இது கைகொடுக்கும். செயலியில் ஒரு கோரிக்கைக்கு மொத்தம் 10 விநாடி. வாசல் சர்வரில் 15 விநாடி. இணைப்புகள் தீர்ந்திருந்தால் ஒன்று காலியாகும்வரை செயலி காத்திருக்குமே, அதற்கும் ஒரு வரம்பு வேண்டும். 2 விநாடி போதும். அந்தக் காத்திருப்பைத் தரவுத்தளத்தின் கடிகாரம் எண்ணுவதில்லை. கட்டளை தன்னிடம் வந்து சேர்ந்த பிறகுதான் அது ஓடத் தொடங்குகிறது.

பழைய கதையை இந்த எண்களோடு மறுபடி ஓட்டிப் பார்க்கலாம். முகவர் தேடுகிறார். 5 விநாடியில் தரவுத்தளம் குவெரியை நிறுத்துகிறது. “தேடல் பெரிதாக இருக்கிறது, பயண மாதத்தையும் சேர்த்துக் கொடுங்கள்” என்று திரையில் வருகிறது. அவர் பிடிவாதமாக அதே தேடலை மறுபடி அழுத்தினாலும், முந்தையது நின்ற பிறகுதான் அடுத்தது தொடங்குகிறது. ஒரு முகவருக்கு எந்த நேரத்திலும் ஓர் இணைப்பு. இரண்டு முகவருக்கு இரண்டு. மீதி 18 இணைப்புகளில் டிக்கெட் விற்பனை நடந்துகொண்டிருக்கும்.

பெரிய தளங்களிலும் எண்கள் இந்த அளவில்தான் இருக்கின்றன. மென்பொருள் குழுக்கள் பயன்படுத்தும் கிட்லேப் தளம், தன் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்துக்கு 15 விநாடி வரம்பு வைத்திருப்பதாகத் தன் பொறியாளர்களுக்கான ஆவணத்திலேயே எழுதியிருக்கிறது. புதிதாக எழுதும் குவெரி அதைத் தாண்டினால் ரத்தாகிவிடும் என்பது எழுதுகிறவருக்கு முன்கூட்டியே தெரியும்.

எங்கே எழுதி வைப்பது

தரவுத்தளம் முழுவதற்கும் பொதுவான அமைப்புக் கோப்பில் 5 விநாடி என்று எழுதினால், இரவில் ஓடும் மாதாந்திர அறிக்கையும் பராமரிப்பு வேலையும் ஐந்தாவது விநாடியில் அறுந்து விழும். போஸ்ட்கிரெஸின் கையேடும் அதனால்தான் பொதுக் கோப்பில் வேண்டாம் என்கிறது. இணையதளம் ஒரு பயனர் பெயரிலும் அறிக்கை வேலைகள் வேறொரு பெயரிலும் தரவுத்தளத்துக்குள் நுழையட்டும். வரம்பை அந்தப் பெயரோடு கட்டிவிடலாம்.

```sql
ALTER ROLE web_app SET statement_timeout = '5s';
ALTER ROLE web_app SET lock_timeout = '1s';
ALTER ROLE reports SET statement_timeout = '10min';
```

இரண்டு இடங்களில் கால் இடறும். அலகு இல்லாமல் வெறும் 5 என்று எழுதினால் தரவுத்தளம் அதை 5 மில்லிவிநாடி என்று எடுத்துக்கொள்ளும். தளம் முழுவதும் ஒரே நொடியில் பிழைகளால் நிறையும். அடுத்தது, இந்தக் கட்டளை புதிதாக வரும் இணைப்புகளுக்குத்தான் பொருந்தும். செயலி மணிக்கணக்காகத் திறந்து வைத்திருக்கும் பழைய இணைப்புகளில் பழைய வரம்பே நீடிக்கும். அவற்றை மூடித் திறந்தால்தான் மாற்றம் தெரியும்.

ஒரு குறிப்பிட்ட வேலைக்கு மட்டும் வேறு வரம்பு வேண்டுமானால், பரிவர்த்தனைக்குள் வைத்து எழுதுவது பாதுகாப்பானது.

```sql
BEGIN;
SET LOCAL statement_timeout = '3s';
-- குவெரி இங்கே
COMMIT;
```

`LOCAL` என்ற சொல்லை விட்டுவிட்டால் அந்த வரம்பு பரிவர்த்தனை முடிந்த பிறகும் இணைப்பில் ஒட்டிக்கொள்ளும். பல செயலிகளுக்கு இணைப்புகளைப் பகிர்ந்து கொடுக்கும் பிஜிபவுன்சர் போன்ற மென்பொருள் நடுவில் இருந்தால், ஒருவர் வைத்த 3 விநாடி வரம்போடு அந்த இணைப்பு அடுத்தவர் கைக்குப் போய்விடும்.

`SET LOCAL` இன்னொரு குறையையும் தீர்க்கிறது. `statement_timeout` ஒவ்வொரு கட்டளையையும் தனித்தனியாகவே எண்ணுகிறது. ஒரு பக்கம் பத்து குவெரிகளை அடுத்தடுத்து ஓட்டி, ஒவ்வொன்றும் 4.9 விநாடி எடுத்தால், எந்த வரம்பும் மீறப்படாமலே 49 விநாடி போய்விடும். கவனமான குழுக்கள் செயலியில் கோரிக்கையின் மொத்த நேரத்தை ஒரு பட்ஜெட்டாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு குவெரிக்கு முன்பும் மிச்சமிருக்கும் நேரத்தையே வரம்பாகக் கொடுக்கின்றன. 10 விநாடியில் 7 செலவாகியிருந்தால் அடுத்த குவெரிக்கு 3. போஸ்ட்கிரெஸ் 17-ஆம் பதிப்பில் முழுப் பரிவர்த்தனைக்குமான `transaction_timeout` தனியாகவே வந்துவிட்டது.

பூட்டுக்காகக் காத்திருப்பது

எல்லாக் குவெரியும் வேலை மிகுதியால் மெதுவாவதில்லை. சில குவெரிகள் வேறொருவர் பிடித்திருக்கும் பூட்டு விடுபடுவதற்காகச் சும்மா நிற்கின்றன. அந்தக் காத்திருப்பும் 5 விநாடிக் கணக்கில் சேரும். ஆனால் இரண்டுக்கும் மருந்து வேறு என்பதால், பூட்டுக்கென்று தனி வரம்பு இருக்கிறது. அதை `statement_timeout`-ஐவிடக் குறைவாக வைக்க வேண்டும். இல்லையென்றால் மற்றது எப்போதும் முந்திக்கொள்ளும்.

அட்டவணையின் அமைப்பை மாற்றும் நேரத்தில் இதன் அருமை தெரியும். புதிய நெடுவரிசை ஒன்றைச் சேர்க்கும் கட்டளைக்கு அந்த அட்டவணை ஒரு கணம் முழுதாகத் தன் வசம் வேண்டும். ஏற்கெனவே ஒரு நீண்ட குவெரி அதைப் படித்துக்கொண்டிருந்தால், மாற்றக் கட்டளை வரிசையில் நிற்கும். சிக்கல் அதற்குப் பின்னால்தான். அடுத்து வரும் சாதாரணப் படிப்புகளும் மாற்றக் கட்டளையைத் தாண்டிப் போக முடியாமல் வரிசையில் சேர்ந்துகொள்ளும். லண்டனைச் சேர்ந்த கோகார்ட்லெஸ் என்ற கட்டண நிறுவனம் 2015-ல் தனக்கு நேர்ந்ததை வெளிப்படையாக எழுதியது. திட்டமிட்ட ஓர் அட்டவணை மாற்றத்தின்போது இப்படிப் பூட்டு வரிசை நீண்டு, அதன் சேவை சுமார் 15 விநாடி நின்றுபோனது. மாற்றக் கட்டளைக்கு ஒரு விநாடிப் பூட்டு வரம்பு வைத்தால், பூட்டு கிடைக்காதபோது அது தானே விலகி மற்றவர்களுக்கு வழிவிடும். சற்று நேரம் கழித்து மறுபடி முயலலாம்.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு கடிகாரம் தேவை. செயலி பரிவர்த்தனையைத் தொடங்கி, ஒரு வரிசையைப் பூட்டிவிட்டு, வேறெங்கோ ஒரு பதிலுக்காக நின்றுவிட்டால், அந்த நேரத்தில் எந்தக் குவெரியும் ஓடவில்லை; `statement_timeout` எண்ணுவதற்கு ஒன்றுமில்லை. `idle_in_transaction_session_timeout` இதற்காகவே இருக்கிறது. அது குவெரியை அல்ல, இணைப்பையே மூடும். அதோடு பூட்டும் விடுபடும்.

நிறுத்திய பிறகு

வரம்பு மீறியதும் போஸ்ட்கிரெஸ் அனுப்பும் பிழைக்கு எண் உண்டு: 57014. பூட்டு வரம்பு என்றால் 55P03. செயலி இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். பூட்டு கிடைக்காத வேலை சிறிது இடைவெளிக்குப் பின் வெற்றி பெறலாம். 5 விநாடியில் முடியாத தேடலைத் தானாக மறுபடி ஓட்டினால் மறுபடி 5 விநாடி வீணாகும், அவ்வளவுதான்.

பிழை வந்ததும் செயலி `ROLLBACK` சொல்லியாக வேண்டும். பரிவர்த்தனையில் அதுவரை செய்த மாற்றங்கள் செல்லாது. ஆனால் `ROLLBACK` வரும்வரை அந்த இணைப்பு வேறெந்தக் கட்டளையையும் ஏற்காது. `current transaction is aborted` என்றே பதில் சொல்லிக்கொண்டிருக்கும். அந்த நிலையில் இணைப்பைப் பொதுக் குவியலுக்குத் திருப்பிக் கொடுத்தால், சம்பந்தமே இல்லாத அடுத்த பயனருக்குப் பிழை வரும்.

ரத்து எப்போதும் நொடியில் முடியும் என்றும் சொல்ல முடியாது. படிக்கும் குவெரி உடனே நிற்கும். எழுதும் வேலையில் தரவுத்தளத்துக்குத் தரவுத்தளம் வேறுபாடு உண்டு. போஸ்ட்கிரெஸ் பழைய வரிசைகளை இருந்த இடத்திலேயே வைத்திருப்பதால் பின்வாங்குவது விரைவு. வீணான புதிய வரிசைகளைப் பிறகு துப்புரவு செய்யும். மைஎஸ்க்யூஎல்லின் இன்னோடிபி, செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் திரும்ப அவிழ்க்க வேண்டும். பல லட்சம் வரிசைகளை மாற்றிய பின் நிறுத்தினால் அவிழ்ப்பதற்கே நெடுநேரம் பிடிக்கும். மைஎஸ்க்யூஎல்லில் `max_execution_time` வரம்பு, படிக்கும் `SELECT` கட்டளைகளுக்கு மட்டுமே பொருந்தும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். அங்கே பெரிய மாற்றங்களைச் சில ஆயிரம் வரிசைகளாகப் பிரித்துச் செய்வதே பாதுகாப்பு.

பணம் சம்பந்தப்பட்ட இடத்தில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. தரவுத்தளமே குவெரியை நிறுத்தினால் “நடக்கவில்லை” என்று உறுதியாகத் தெரியும். `COMMIT` அனுப்பிவிட்டுக் காத்திருக்கும்போது செயலியின் கடிகாரம் அடித்தால், நடந்ததா இல்லையா என்று செயலிக்குத் தெரியாது. அப்போது மறுபடி முயன்றால் ஒரே இருக்கைக்கு இரண்டு முறை கட்டணம் போகலாம். ஒவ்வொரு முன்பதிவு முயற்சிக்கும் தனி எண் கொடுத்து, அதே எண் இரண்டாம் முறை வந்தால் தரவுத்தளம் மறுக்கும்படி வைத்தால்தான் மறுமுயற்சி ஆபத்தில்லாமல் இருக்கும்.

சரியாக வைத்தோமா என்று பார்ப்பது

சோதனை எளிது. சோதனைத் தளத்தில் ஒரு பக்கத்தை `SELECT pg_sleep(30);` என்ற குவெரியை ஓட்டும்படி அமைத்து, அதை உலாவியில் திறந்துவிட்டு, இன்னொரு சாளரத்தில் தரவுத்தளத்தைக் கேட்க வேண்டும்:

```sql
SELECT pid, state, now() - query_start AS age, query
FROM pg_stat_activity
WHERE state <> 'idle'
ORDER BY age DESC;
```

ஐந்து விநாடிக்குப் பிறகு அந்தக் குவெரி பட்டியலிலிருந்து மறைய வேண்டும். உலாவியில் 504 வராமல், செயலி எழுதிய விளக்கம் வர வேண்டும்.

அன்றாடத்தில் பதிவேடே போதும். தரவுத்தளத்தின் பதிவேட்டில் `canceling statement due to statement timeout` என்று இருந்தால் உள்கடிகாரம் முதலில் அடித்திருக்கிறது, வரிசை சரி. `canceling statement due to user request` என்று இருந்தால் டிரைவரோ நிர்வாகியோ நிறுத்தியிருக்கிறார்கள். நிர்வாகி இல்லையென்றால் டிரைவரின் வரம்பு தரவுத்தளத்தின் வரம்பைவிடக் குறைவாக இருக்கிறது. பிழை எண் இரண்டுக்கும் 57014 என்பதால் எண்ணை மட்டும் பார்த்தால் வேறுபாடு தெரியாது. வாசகத்தைப் படிக்க வேண்டும். வாசல் சர்வரின் பதிவேட்டில் 504 வரிசையாக நின்று, அதே நேரத்துக்குத் தரவுத்தளத்தின் பதிவேட்டில் இரண்டு வாசகமும் இல்லையென்றால், முதலில் பார்க்க வேண்டியது மேலே உள்ள பட்டியலைத்தான். அந்த 504 எல்லாம் இன்னும் அங்கே ஓடிக்கொண்டிருக்கலாம்.